சோடியம் விளக்கடியில் எடுத்த முகம் பகல் படித்துறைக்கு வரும்போது

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. தாத்தா இறந்துவிட்டார். அவர் நன்றாகச் சிரித்தபடி இருக்கும் ஒரே படம், பல வருடங்களுக்கு முன் சாமி புறப்பாட்டு இரவில், தெருவிளக்குக்குக் கீழே யாரோ போனில் எடுத்தது. இந்த வருடம் ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் குடும்பமே சேர்ந்து நின்று எடுத்த பகல் படம் ஒன்று இருக்கிறது. அதில் தாத்தாவையும் நிறுத்தித் தர வேண்டும்.

வெட்டுவதும் ஒட்டுவதும் இதில் சின்ன வேலை. ஒட்டிய பிறகு தாத்தா மட்டும் மஞ்சள் பூசியவர்போலத் தெரிவார். மஞ்சளை எடுத்தால் முகம் முழுக்க நீலமும் சிவப்புமாகப் புள்ளி கிளம்பும். புள்ளியை அழித்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். பலர் மஞ்சளை ஒரு குறையாகவும் புள்ளியை இன்னொரு குறையாகவும் நினைத்து, ஒன்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: நீல சேனலில் ஒன்றும் இல்லை. இது புரிந்துவிட்டால் வேலையின் வரிசையே மாறிவிடும்.

தெருவில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்த பழைய விளக்குகள் பெரும்பாலும் உயரழுத்த சோடியம் விளக்குகள். அவற்றின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 2000 கெல்வின். பகல் வெயில் 5500 பக்கம். அந்த விளக்கு தரும் ஒளியில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் அதிகம், நீலம் மிகக் கொஞ்சம். நீல ஒளி முகத்தில் விழவே இல்லை என்றால் கேமராவின் நீலக் கண்ணுக்குத் திரும்பி வரவும் எதுவும் இருக்காது. ஒளி குறையக் குறைய, வந்த ஒளிக்கும் தற்செயலான ஏற்ற இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் நாம் நாய்ஸ் என்று சொல்லும் புள்ளி. ஆக, நீல சேனலில் பதிந்திருப்பது கொஞ்சம் முகம், நிறையப் புள்ளி.

எவ்வளவு மோசம் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். தாத்தா நெற்றியில் விபூதி பூசியிருக்கிறார். விபூதி வெளிர் சாம்பல் நிறம், எனவே பகல் நிழலில் மூன்று சேனலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இரவுப் படத்தில் ஃபோட்டோஷாப்பின் Info பேனலை வைத்துப் பார்த்தால் R 128, G 92, B 38 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பப் படத்தில் அதே மாதிரி வெளிர்ப் பொருள் 200 அளவில் இருக்கிறது. மூன்றையும் 200க்குக் கொண்டுபோக வேண்டும். திரையில் தெரியும் எண் ஒளியின் நேரளவு அல்ல, வளைவு போட்டுப் பதிந்த எண். அதை ஒளியளவாக மாற்றிக் கணக்குப் போட்டால் தோராயமாக இப்படி வருகிறது:

```
R: 128 → 200    2.7 மடங்கு
G:  92 → 200    5.4 மடங்கு
B:  38 → 200    30 மடங்கு
```

சிவப்பை மூன்று மடங்குகூடத் தூக்க வேண்டியதில்லை, நீலத்தை முப்பது மடங்கு தூக்க வேண்டும். அதிலுள்ள புள்ளியும் சேர்ந்து முப்பது மடங்கு எழும். இன்னொரு சேதமும் உண்டு. JPEG படத்தில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். விபூதியே 38ல் நிற்கிறதென்றால், முகத்தின் நீல விவரம் முழுக்க அந்த 38 படிகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதை 200 வரை விரித்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே சராசரியாக நான்கு எண் காலியாகும். கன்னத்தில் திட்டுத்திட்டாகப் பட்டை விழுவது இதனால்தான். வெயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரால் விபூதியில் ஒரு தடவை கிளிக் செய்து, வெளிச்சத்தையும் ஏற்றினால் நடப்பது இந்த முப்பது மடங்குதான். கருவி கெட்டதில்லை. இல்லாததைத் தூக்கச் சொல்கிறோம்.

அதனால் இந்த வேலையில் நீல சேனலை நம்பக் கூடாது. முகத்தின் வெளிச்சமும் வடிவமும் சிவப்பு, பச்சை இரண்டிலிருந்து வரட்டும். நிறம் தனியாக வரட்டும். கண்ணும் இதற்கு ஒத்துழைக்கும். வெளிச்ச வேறுபாட்டில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண் பிடித்துவிடும். நிறம் கொஞ்சம் மங்கலாக, பரவலாக இருந்தால் கவனிக்காது. JPEG கூட நிற விவரத்தைப் பெரும்பாலும் பாதி அளவுக்குக் குறைத்துத்தான் சேமிக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை.

தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று. படம் வாட்ஸ்அப்பில் வந்ததா? சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி மறுபடி அமுக்கும். இருட்டுப் பகுதியில் 8க்கு 8 கட்டங்கள் தெரியும். வெளிச்சம் ஏற்றினால் அவை ஓடு பதித்த தரை மாதிரி எழும்பி வரும். எடுத்த போனிலிருந்து டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வரும். நாய்ஸை எடுக்க வழி உண்டு, கட்டத்தை எடுக்க நல்ல வழி இல்லை.

கோப்பைத் திறந்ததும் Image > Mode > 16 Bits/Channel. தொலைந்த படிகள் இதனால் திரும்பி வராது. அடுத்தடுத்த திருத்தங்களில் புதிதாகப் படிகள் தொலையாது, அவ்வளவுதான். பிறகு Ctrl+3, Ctrl+4, Ctrl+5 அழுத்தி மூன்று சேனலையும் கறுப்பு வெள்ளையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த ஒரு நிமிடம் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். நீலத்தில் முகம் சகதியாகத் தெரியும், அது எதிர்பார்த்ததுதான். கவனிக்க வேண்டியது சிவப்பு. நெற்றி, மூக்கு நுனி, கன்னமேடு ஆகியவை வெள்ளைத் திட்டாக, சுருக்கமே இல்லாமல் இருந்தால் அங்கே R 255ஐ முட்டிவிட்டது, விவரம் போய்விட்டது. அப்போது வடிவத்துக்குப் பச்சை ஒன்றையே நம்ப வேண்டும்.

நாய்ஸை முதலில் எடுக்க வேண்டும்: வெட்டுவதற்கும் முன், வெளிச்சம் ஏற்றுவதற்கும் முன். நாய்ஸ் நீக்கும் கருவி ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. வெட்டிய பிறகு கொடுத்தால் ஓரத்தில் சுற்றம் இருக்காது. தோளின் விளிம்பும் காதின் விளிம்பும் பிசிறடிக்கும். லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, Filter > Camera Raw Filter திறந்து, Noise Reductionல் Colorஐ 50 பக்கம் வையுங்கள். Luminance 10 முதல் 20 போதும். இருட்டுப் படத்தில் நாய்ஸ் குறைவாகத்தான் தெரியும் என்பதால் கை தானாகக் குறைத்து வைக்கும். மேலே ஒரு Exposure அட்ஜஸ்ட்மெண்ட் லேயரைத் தற்காலிகமாகப் போட்டு +2 வைத்துப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஸ்மார்ட் ஃபில்டர் என்பதால் திரும்பப் போய் மாற்றிக்கொள்ளலாம். நிறப் புள்ளியைத் தாராளமாக எடுங்கள், வெளிச்சப் புள்ளியைக் கஞ்சத்தனமாக எடுங்கள். தாத்தா முகத்தின் சுருக்கமும் இரண்டு நாள் தாடியும் வெளிச்சப் புள்ளியின் அளவில்தான் இருக்கின்றன. அதை வழித்தால் அவரையும் சேர்த்து வழித்ததாகும்.

இப்போது பிரிக்கும் வேலை. அந்த லேயரைப் பிரதியெடுத்து, Image > Adjustments > Channel Mixer போய், Monochrome டிக் செய்து, Red 30, Green 70, Blue 0 என்று வையுங்கள். கிடைக்கும் கறுப்பு வெள்ளை முகம் வியக்கும்படி சுத்தமாக இருக்கும். நாம் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அழுக்கில் பெரும்பங்கு நீலத்தில் இருந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஏன் 30, 70? சிவப்பில்தானே ஒளி அதிகம், புள்ளி குறைவு, அதையே முழுக்க எடுத்தால் என்ன என்று தோன்றும். தாத்தாவின் நெற்றியை நெருங்கிப் பாருங்கள். விபூதிக்கு நடுவே ஒரு குங்குமப் பொட்டு. குங்குமம் சிவப்பொளியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது, பச்சையை விழுங்குகிறது. சிவப்பு சேனலில் மட்டும் பார்த்தால் பொட்டு விபூதியோடு கலந்து வெளிறிப்போகும். உதடும் அப்படியே, முகத் தோலோடு ஒன்றிவிடும். தோல் வழவழவென்று இளமையாகத் தெரியும், ஆனால் அது தாத்தா இல்லை. பச்சையில் பொட்டு கறுப்பாக நிற்கும், உதட்டுக் கோடு தெரியும், கண்ணோரச் சுருக்கம் தெரியும். பச்சையில் புள்ளி கொஞ்சம் கூடுதல் என்பதால் சிவப்பை 30 கலந்து தணிக்கிறோம். பொட்டு எப்போது மறையத் தொடங்குகிறதோ அதுவே சிவப்பின் எல்லை.

இந்தக் கறுப்பு வெள்ளை லேயருக்கு Luminosity பிளெண்ட் மோடு கொடுத்து மேலே வையுங்கள். கீழே இருக்கும் நிற லேயரில் இப்போது தைரியமாக விபூதியைக் கிளிக் செய்து வெயிட் பேலன்ஸ் எடுக்கலாம். அதில் எழும் புள்ளியை Filter > Blur > Surface Blur கொண்டு நன்றாக மழுக்கிவிடலாம். மேலே வடிவம் பத்திரமாக இருப்பதால் கீழே மழுங்குவது தெரியாது. Gaussian Blur வேண்டாம்; முகத்தின் நிறம் வேட்டிக்கு வழிந்து, தோளில் பழுப்பாகப் புகை படிந்தது மாதிரி ஆகும்.

ஆனாலும் சோடியம் விளக்கில் எடுத்த படத்தில் இது பாதிவழிதான் கூட்டிப்போகும். அந்த ஒளியில் நிறங்களுக்கு நடுவேயுள்ள வேறுபாடே சுருங்கிவிடுகிறது. வேட்டியின் பச்சைக் கரை பழுப்பாகத் தெரியும், தோல் ஒரே மண் நிறமாகத் தெரியும். மஞ்சள் சாயலை எடுத்தாலும் உயிர் வராது. இங்கே நிறத்தை வெளியிலிருந்து கொண்டுவருவதே நேர்மையான வழி. தாத்தாவின் வேறு பகல் படம் எவ்வளவு சிறியதாக, மங்கலாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். நிறத்துக்கு அது போதும். இல்லையென்றால் குடும்பப் படத்தில் அவர் நிறத்துக்கு நெருக்கமான ஒருவரின் முகத்திலிருந்து எடுக்கலாம். புது லேயர், Color மோடு, தாத்தாவின் லேயருக்கு மட்டும் பொருந்தும்படி கிளிப் செய்து, மென்மையான பிரஷ்ஷில் 20–30 சதவீத ஒபாசிட்டியில் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரே நிறத்தை முகம் முழுக்கத் தேய்த்தால் ஒப்பனை மாதிரி ஆகிவிடும். நெற்றி, கன்னமேடு, தாடை, காது என்று நாலைந்து இடத்திலிருந்து தனித்தனியாக நிறம் எடுங்கள். காதும் மூக்கு நுனியும் எப்போதும் கொஞ்சம் சிவந்திருக்கும். Info பேனலில் தோல் எங்கும் R, G, B என்ற இறங்குவரிசையில் நிற்க வேண்டும். பகல் ஒளியில் B பெரும்பாலும் Gக்குச் சற்றுக் கீழே இருக்கும். Gயில் பாதிக்கும் கீழே கிடந்தால் மஞ்சள் இன்னும் போகவில்லை.

வேட்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தெரியாவிட்டால் மணிக்கணக்கில் அலைய நேரும். இன்றைய சலவைத் தூள்களில் வெண்மையேற்றும் வேதிப்பொருள் உண்டு. அது வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடுகிறது. அதனால் பகல் படத்தில் மற்றவர்களின் வேட்டி 205, 209, 218 என்று லேசான நீல வெண்மையில் மின்னும். தெருவிளக்கில் அந்தப் புற ஊதா அநேகமாக இல்லை, வெண்மையேற்றி வேலை செய்யவில்லை. தாத்தாவின் வேட்டியைத் துல்லியமாக நடுநிலைச் சாம்பலுக்குக் கொண்டுவந்தாலும், அவர்கள் பக்கத்தில் அது பழுத்த வேட்டியாகத்தான் தெரியும். பிழை திருத்தத்தில் இல்லை. அந்த மின்னலையும் நாம் சேர்க்க வேண்டும். வேட்டிக்கு மட்டும் மாஸ்க் போட்டு நீலத்தை ஏழெட்டு எண் உயர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். சாயல் பார்க்க வேட்டியைவிட விபூதியைத் தேர்ந்தெடுப்பதும் இதற்காகத்தான்; அதில் வெண்மையேற்றி கிடையாது.

அடுத்தது வெட்டு. மாஸ்க்கை வெளிச்சம் ஏற்றிய நிலையில் போடுங்கள், இருட்டில் விளிம்பு தெரியாது. விளிம்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் பாதி தாத்தா, பாதி இரவு. இரவுக்கு முன் அது தெரியாமல் இருந்தது. வெளிச்சமான ஆற்றுக்கு முன் கொண்டுவந்ததும் உடலைச் சுற்றிக் கரிக்கோடு இழுத்ததுபோல் நிற்கும். Select and Mask பெட்டியில் Shift Edge ஐ −20 முதல் −30 வரை வைத்து விளிம்பை உள்ளே இழுத்தால் தோளிலும் கையிலும் போய்விடும். தலைமுடியில் அப்படிச் செய்தால் மொட்டையாகும். நரைமுடியின் ஓரத்தில் கறுப்புக்குப் பதில் ஆரஞ்சு இழை நிற்கும், அதை Color மோடில் சாம்பல் பூசி எடுக்கலாம். கறுத்த முடி இருட்டோடு கலந்திருந்தால் விளிம்பே பதிவாகவில்லை. ஒன்றிரண்டு பிக்சல் பிரஷ்ஷால் இழை இழையாக வரைவதைத் தவிர வழியில்லை.

இனி பகலோடு பொருத்துவது. எந்தப் பகல் என்பதில் நம் பரிந்துரை திட்டவட்டமானது: நேர் வெயில் வேண்டாம். இரவுப் படத்தின் ஒளி தலைக்கு மேலே ஒரு விளக்கிலிருந்து வந்தது. வெயிலின் கூர்மையான நிழலை அதன்மேல் கட்டியெழுப்ப முடியாது. படித்துறை மண்டபத்து நிழலிலோ மேகம் கவிந்த பொழுதிலோ எடுத்த குடும்பப் படம் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். வெயில் படம்தான் உண்டு என்றால் நேரத்தைக் கேளுங்கள். திருவையாறு காவிரியின் வடகரையில் இருக்கிறது. ஆற்றைப் பின்னணியாக வைத்து எடுத்தால் கேமரா தெற்கு பார்க்கும், கிழக்கு இடப்பக்கம் வரும். ஆடிப்பெருக்கன்று காலை எட்டு மணிக்கு வெயில் இடமிருந்து சாய்வாக வரும், நிழல் ஆள் உயரத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நீண்டு வலப்பக்கம் விழும். உச்சிவேளையில் சூரியன் இங்கே தலைக்கு நேர்மேலிருந்து சற்று வடக்கே நிற்கும், நிழல் காலடியிலேயே ஒடுங்கும். மற்றவர்களின் நிழல் படத்தில் எப்படி விழுந்திருக்கிறதோ அதைப் பார்த்து இந்தக் கணக்கோடு ஒத்துப்பார்த்தால் தாத்தாவுக்கு எந்தப் பக்கம் நிழல் போடுவது என்ற குழப்பம் வராது.

மேலிருந்து விழுந்த தெருவிளக்கு கண்குழியையும் மூக்கடியையும் கருக்கியிருக்கும். மண்டப நிழலில் ஒளி ஆற்றுப் பக்கத் திறப்பிலிருந்து பக்கவாட்டில் வரும், கண்ணில் வெளிச்சம் இருக்கும். Curves லேயரை மாஸ்க்கோடு போட்டு கண்குழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கலாம். அங்கே மூன்று சேனலும் சுழியத்தில் கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள். தூக்கினால் சாம்பல் குழிதான் வரும், கண் வராது. அந்தப் படம் இந்த வேலைக்கு ஆகாது என்று வீட்டாரிடம் சொல்லி வேறு படம் கேட்பதே சரி.

கறுப்பின் அளவும் பொருந்த வேண்டும். பகலில் முழுக் கறுப்பு அபூர்வம். குடும்பப் படத்தில் கறுத்த முடியின் ஆழமான இடத்தில் 25 இருந்தால், தாத்தாவின் கறுப்பு சுழியத்தில் நிற்கக் கூடாது. Curves கோட்டின் இடது முனையை Output 20–25க்கு உயர்த்துங்கள். நிறம், வெளிச்சம் எல்லாம் சரியாக இருந்தும் ஆள் வெட்டி ஒட்டியதுபோலத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆடியில் ஆறு புதுவெள்ளத்தால் செம்மண் கலங்கி ஓடும். அந்த நீரிலிருந்து தெறிக்கும் ஒளி வேட்டியின் கீழ்ப்பாதியில் மெலிதாகப் படிந்திருக்கும். மற்றவர்களின் வேட்டியில் அது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தாத்தாவுக்கும் ஒரு துளி கொடுங்கள்.

அளவைச் சுருக்குவது நமக்குச் சாதகம். இரவுப் படத்தில் முகம் 600 பிக்சல் உயரம், குழுப் படத்தில் 300 போதும் என்றால், நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, புள்ளி பாதியாகக் குறையலாம். போன் ஏற்கெனவே குழப்பி மழுக்கிய புள்ளி என்றால் அவ்வளவு குறையாது. அதனால் பிரிண்ட் அளவை முதலிலேயே கேட்டுவிட்டால், தொடக்கத்தில் நாய்ஸை அளவோடு எடுத்துவிட்டு, சுருக்கிய பிறகு மிச்சமிருப்பதை மட்டும் துடைத்தால் போதும். இறுதியில் 100 சதவீதத்தில் வைத்து மண்டபச் சுவரையும் தாத்தாவின் வேட்டியையும் ஒப்பிடுங்கள். சுவரில் மெல்லிய சொரசொரப்பு இருந்து வேட்டி கண்ணாடி மாதிரி இருந்தால், தாத்தாவுக்கு Filter > Noise > Add Noise, Gaussian, Monochromatic, 1 அல்லது 1.5. இவ்வளவு பாடுபட்டு எடுத்த நாய்ஸை நாமே சேர்ப்பது விசித்திரமாகத் தோன்றலாம். பகல் படத்திலும் அதற்கான நாய்ஸ் உண்டு, அது இல்லாத ஒருவர் அந்தப் படத்தில் நிற்க முடியாது.

காலடி நிழலில் இரண்டு அடுக்கு வையுங்கள். பாதம் படிக்கல்லைத் தொடும் கோட்டில் இரண்டு மூன்று பிக்சலுக்கு இருண்ட நிழல், அதைச் சுற்றிப் பரவலாக மங்கிய நிழல். நிறம் முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது. அதே கல்லில் மற்றவர்களின் நிழலிலிருந்து நிறமெடுங்கள்.

சோதனைக்கு மேலே ஒரு Hue/Saturation லேயர் போட்டு Saturation ஐ +60க்குத் தள்ளுங்கள். ஒளிந்திருக்கும் சாயல் கத்திவிடும்: தாத்தா மட்டும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ தனித்து நிற்பார். பெரும்பாலும் கழுத்தடியிலும் அக்குளிலும், அதாவது நீலம் முற்றிலும் செத்துப்போன இருட்டு மூலைகளில், ஊதாத் திட்டு கிடக்கும். அந்த இடங்களில் நிறத்தைக் குறைத்துச் சாம்பலாக விட்டாலே போதும். லேயரை அணைத்துவிட்டு, பெரிய பிரிண்டுக்கு முன் 4×6ல் ஒன்று அடித்து, கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டின் கீழ் சரியாகத் தெரிந்த தோல் வெளியே வந்ததும் பச்சையடிப்பதுண்டு.